எட்டுப் பேர் அறை, ஒரே ஜன்னல்: ஹாஸ்டல் அறை ஒன்றை அளவு மாறாமல் முப்பரிமாணத்தில் செய்த நிகழ்வு ஆய்வு

கோவையில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பி மேல்தளமும் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. அந்த நிலையிலேயே அறை எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு படம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். சேர விசாரிக்கும் பெண்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் காட்டுவதற்காக. அவர் சொன்னது மூன்றே விஷயம்: அறை ஒழுங்காகத் தெரிய வேண்டும், வெளிச்சம் எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி விழ வேண்டும், அளவு நிஜத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். முதல் இரண்டும்தான் கஷ்டம் என்று நான் நினைத்தேன். சிக்கல் மூன்றாவதில் இருந்தது.

அறை 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நீளவாட்டுச் சுவர் ஒவ்வொன்றிலும் இரண்டு என்று நான்கு இரண்டடுக்குக் கட்டில்கள், ஆக எட்டுப் பேர். கதவு ஒரு குறுக்குச் சுவரின் நடுவில். எதிர்ச் சுவரின் நடுவில் 5 அடிக்கு 4 அடி ஜன்னல். எட்டுப் பேருக்கும் அது ஒன்றுதான். கதவுக்கு இரு பக்கமும் நான்கு கதவு கொண்ட ஸ்டீல் லாக்கர் ஒவ்வொன்று, 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஆறரை அடி உயரம்.

முதல் படத்தை மூன்று நாளில் முடித்தேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அறையைக் கட்டி, இணையத்தில் கிடைத்த ஒரு கட்டில் மாடலை இறக்கி, நான்காக நகலெடுத்து வைத்து, ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் அதன் சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. உரிமையாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர்களுடைய இன்னொரு ஹாஸ்டலைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் வார்டன் அக்காவிடம் போனைக் கொடுத்தார். அவர் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, மேல் கட்டில் பெட்ஷீட் சரியா விரிச்சிருக்கான்னு பாக்க நான் கால் விரல்ல எக்கிப் பாக்கோணும். இதுல வாசல்ல நின்னாவே முழுசாத் தெரியுதே?”

அந்த ஒரு கேள்வியில் படம் முழுக்க விழுந்துவிட்டது. அவர் சொன்ன கட்டில்தான் இங்கேயும் வரப்போகிறது, அதே ஃபேப்ரிகேஷன் பட்டறையில் செய்வது. அன்று மாலையே பழைய ஹாஸ்டலுக்கு டேப்போடு போய் அளந்தேன். கட்டிலின் வெளி அளவு 6 அடி 3 அங்குல நீளம், 2 அடி 6 அங்குல அகலம். கீழ் மெத்தையின் மேல்பக்கம் தரையிலிருந்து 18 அங்குலம். அங்கிருந்து மேல் கட்டிலின் அடிப்பலகை வரை 34 அங்குலம். மேல் மெத்தையின் மேல்பக்கம் 58 அங்குலம், அதாவது 4 அடி 10 அங்குலம். வாசலில் நிற்கும் அக்காவின் கண் ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கும். கண்ணுக்கும் மெத்தைக்கும் இரண்டே அங்குல வித்தியாசம் என்றால் பெட்ஷீட் ஒரு கோடாகத்தான் தெரியும், பரப்பாகத் தெரியவே தெரியாது.

என் மாடலில் அதே மெத்தை 3 அடி 9 அங்குலத்தில் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான் இறக்கிய மாடல் வெளிநாட்டு அளவில் செய்தது, 2.06 மீட்டர் நீளமும் 0.97 மீட்டர் அகலமும். நம் கட்டில் இரண்டரை அடி அகலம் என்று மட்டும் எனக்குத் தெரியும். அகலம் 0.762 மீட்டர் வரும்வரை மொத்தமாகச் சுருக்கி, சரி, பொருந்திவிட்டது என்று விட்டுவிட்டேன். அகலம் சரியானபோது நீளம் 1.62 மீட்டருக்கு, அதாவது 5 அடி 4 அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. உயரமும் அதே விகிதத்தில் இறங்கிவிட்டது. குழந்தைகள் கட்டிலை வைத்துப் பெரியவர்களுக்கு அறை காட்டியிருக்கிறேன். கட்டில் குட்டையானால் அறை தானாகப் பெரிதாகத் தெரியும். உரிமையாளருக்குப் பிடித்ததற்கும் அதுவே காரணம்.

இது கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, ஒரு பக்கத்தை மட்டும் அளந்து மொத்தமாகச் சுருக்குகிற பழக்கத்தில் வருகிறது. அதனால்தான் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஒரு பொருள் தன் விகிதம் கெடாமல் சின்னதானால் தனியாகப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பக்கத்தில் மனித உடம்போ, உடம்புக்கு அளவெடுத்துச் செய்த வேறு பொருளோ இருந்தால்தான் மாட்டும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிளெண்டரில் `Unit System` என்பது `Metric`, `Unit Scale` என்பது 1. நம் ஊர் அளவெல்லாம் அடியில் இருந்தாலும் கணக்குப் போட்டு மாற்ற வேண்டியதில்லை. N அடித்தால் வரும் `Dimensions` கட்டத்தில் `6ft 3in` என்று அப்படியே தட்டினால் அது மீட்டராக்கிக்கொள்ளும். அளவு கொடுத்து முடித்த ஒவ்வொரு பொருளுக்கும் Ctrl+A அடித்து `Scale` கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் `Dimensions` சரியாகக் காட்டினாலும் உள்ளே 0.786 மாதிரி ஒரு எண் ஒளிந்திருக்கும். மூன்று பக்கமும் வேறு வேறு எண்ணாக இருந்தால் கட்டில் கால்களின் விளிம்பை மழுக்கப் போட்ட `Bevel` ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும். எந்தப் பொருள் தப்பியது என்று பார்க்க இந்தச் சின்ன நிரலை ஓட்டினேன், எல்லா அளவையும் அடியில் எழுதித் தரும்:

```python
import bpy
for o in bpy.data.objects:
    if o.type == 'MESH':
        ft = [round(d / 0.3048, 2) for d in o.dimensions]
        print(o.name, ft, tuple(o.scale))
```

கடைசியில் வரும் மூன்று எண்ணும் 1 ஆக இருந்தால் சரி. என் பழைய கோப்பில் ஓட்டிப் பார்த்தபோது லாக்கரும் தலையணையும்கூட மாட்டின.

எண்ணில் சரிபார்த்தது போதாது, படத்திலும் அளவைச் சொல்லும் பொருள் இருக்க வேண்டும். அதற்கு இரண்டை வைத்துக்கொண்டேன். ஒன்று தரை. அங்கே போடப்போவது 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ். அப்படியானால் நீளவாட்டில் 8 கல், குறுக்கே ஐந்தரைக் கல். என் முதல் படத்தில் டைல்ஸ் படத்தை இஷ்டத்துக்கு ஒட்டியிருந்ததால் நீளத்தில் 12 கல் வந்திருந்தது. யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லைதான். ஆனால் நம் வீட்டுத் தரையெல்லாம் அதே கல்லாக இருக்கும்போது கண் தன்போக்கில் எண்ணிவிடுகிறது. இன்னொன்று மின்விசிறி. நம் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்குவது 1200 மில்லிமீட்டர் வீச்சு உள்ளது. இரண்டு கட்டில் வரிசைக்கும் நடுவில் நடைபாதை 6 அடி, அதாவது 1830 மில்லிமீட்டர். விசிறியை நடுவில் மாட்டினால் இறக்கை நுனிக்கும் கட்டில் விளிம்புக்கும் இடையே பக்கத்துக்கு ஓர் அடிதான் மிஞ்சும். முதல் படத்தில் விசிறியே வைக்கவில்லை. வைத்திருந்தால் அன்றே ஏதோ தப்பு என்று உறைத்திருக்கும்.

அடுத்தது கேமரா. அறை முழுக்க ஒரே படத்தில் வர வேண்டும் என்று 16 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்தேன். பிளெண்டர் கேமராவின் `Sensor Width` 36 மில்லிமீட்டர், அதற்கு 16 என்றால் பார்வைக் கோணம் 97 டிகிரிக்குப் பக்கம். அந்த லென்ஸில் வாசலிலிருந்து பார்த்தால் 5 அடி ஜன்னல் படத்தின் அகலத்தில் 14 சதவீதம்தான் பிடிக்கிறது. 24 மில்லிமீட்டரில் அதே ஜன்னல் 21 சதவீதம். 14 சதவீத ஜன்னல் எங்கோ கல்யாண மண்டபத்துக் கடைசியில் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்துக் கட்டிலின் கால் இழுபட்டுப் பெருத்தும் போகும். 24க்கு வந்தேன். உயரத்தை அக்காவின் கண்ணுக்குச் சமமாக 5 அடியில் வைத்தேன். கேமராவின் X சுழற்சி சரியாக 90 டிகிரி, அப்போதுதான் லாக்கரும் கட்டில் கால்களும் சாயாமல் செங்குத்தாக நிற்கும். அறை உயரம் 10 அடி, கண் 5 அடி என்பதால் படத்தை மேலே கீழே நகர்த்தும் `Shift` தொடவே வேண்டியிருக்கவில்லை.

24க்கு வந்ததும் லாக்கர் இரண்டும் படத்தைவிட்டுப் போய்விட்டன. அவை கதவை ஒட்டி இருப்பவை, வாசலில் நிற்பவரின் இரு தோளுக்கும் பக்கத்தில். கதவுச் சுவரை மறைத்துவிட்டுக் கேமராவைப் பின்னால் இழுப்பது எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் அந்த இடத்தில் நின்று யாரும் அறையைப் பார்க்கப்போவதில்லை. அதனால் ஒரு படத்தை இரண்டாக்கினேன். ஒன்று வாசலிலிருந்து ஜன்னலைப் பார்த்து, மற்றது ஜன்னலில் சாய்ந்து நின்று கதவைப் பார்த்து. இரண்டாவதில் எட்டு லாக்கர் கதவும் நேராகத் தெரிகின்றன.

இனி வெளிச்சம். இங்கேதான் அதிக நாள் போயிற்று.

முதல் படத்தில் எல்லா இடத்திலும் சமமாக விழட்டும் என்று கூரை முழுக்க இரண்டு பெரிய `Area` விளக்குகளை வைத்திருந்தேன். அந்த அறையில் அப்படி ஒரு விளக்கு கிடையாது. அதன் விளைவு, கட்டிலுக்கு அடியில் நிழலே இல்லாமல் கால்கள் தரையைத் தொடாமல் மிதந்தன. சுவருக்கு வேறு முழு வெள்ளை, 1.0 கொடுத்திருந்தேன். எந்தப் பெயின்ட்டும் விழுகிற ஒளியை முழுக்கத் திருப்பி அனுப்பாது. புது வெள்ளைச் சுவருக்கே 0.8 போதும். 1.0 கொடுத்தால் ஒளி சுவர்களுக்குள் மாறி மாறி அடித்து மூலை எல்லாம் வெளிறிப்போகும்.

விளக்குகளை எடுத்துவிட்டு ஜன்னலை மட்டும் விட்டேன். ஜன்னல் திறப்பின் அளவுக்கே, 5 அடிக்கு 4 அடி, ஓர் `Area` விளக்கை வைத்து `Portal` என்பதை டிக் செய்தேன். இது தானாக ஒளி தராது. வெளியிலிருக்கும் வான ஒளி இந்த ஓட்டை வழியாகத்தான் வரும் என்று சைக்கிள்ஸுக்கு வழி காட்டுகிறது, அதனால் புள்ளிப் புள்ளியாகத் தெரிவது குறைகிறது. கண்ணாடியையும் எடுத்துவிட்டேன், ஜன்னல் கதவு திறந்திருப்பதாக வைத்து கம்பியை மட்டும் விட்டேன். சாதாரண `Glass BSDF` போட்டுவிட்டு, கண்ணாடி வழியே வளைந்து வரும் ஒளியைக் கணக்கிடும் `Caustics` அணைத்தால் அது வெளி ஒளியைச் சுவர்போல மறித்துவிடும். அறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று தெரியாமல் பலர் விளக்கைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான். `Diffuse` எதிரொளிப்பை இருந்த 4இலிருந்து 8ஆக்கினேன். கீழ்க் கட்டிலின் உள்பக்கத்துக்கு ஒளி தரையிலும் எதிர்ச் சுவரிலும் பட்டுத்தான் போக முடியும்.

அறை நன்றாகவே இருந்தது, அதாவது வெளியே எதுவும் இல்லாதவரை. உரிமையாளர் ஜன்னலில் மருதமலை தெரிந்தால் அழகாக இருக்கும் என்றார். நான் மாடிக்குப் போய் அந்த ஜன்னல் ஓட்டையில் நின்று பார்த்தேன். 6 அடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், மஞ்சள் பெயின்ட், மேலே தண்ணீர்த் தொட்டி. வானம் தெரிய வேண்டுமானால் ஜன்னலுக்குக் கிட்டே போய்க் கழுத்தை நிமிர்த்த வேண்டும். அந்தச் சுவரையும் ஒரு பெட்டியாகச் செய்து ஜன்னலுக்கு வெளியே வைத்து ரெண்டர் போட்டதும் கதவுப் பக்கத்துக் கீழ்க் கட்டில்கள் இரண்டும் இருண்டுவிட்டன. கூரையில் லேசான மஞ்சள் படிந்தது. உண்மையில் அந்த அறையின் பகல் இதுதான். மலையை ஒட்டவில்லை. படத்தைப் பார்த்துச் சேருகிற பெண் முதல் நாளே ஜன்னலைத்தான் திறப்பாள்.

ஆனால் கேட்டது சமமான வெளிச்சம். பகலிலும் ட்யூப்லைட் எரிந்தால்தான் இந்த அறையில் அது நடக்கும். அப்படியானால் ட்யூப் எங்கே வருகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். நீளவாட்டுச் சுவர்களில், கட்டிலுக்கு நேர் மேலே, 8 அடி உயரத்தில் பக்கத்துக்கு ஒன்று. காடி இன்னும் வெட்டவில்லை, சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டிருந்தார்.

அதை அப்படியே மாடலில் வைத்தேன். 4 அடி நீளமான மெல்லிய `Area` விளக்கு. இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: 20 வாட் ட்யூப் என்பதற்காகப் பிளெண்டரிலும் 20 போடக்கூடாது. அட்டையில் எழுதியிருப்பது அது குடிக்கும் மின்சாரம், பிளெண்டர் கேட்பது ஒளியாக வெளியே வரும் அளவு. மூன்று நான்கில் தொடங்கினால் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த எண் பொருந்துவதும் அறை அளவு சரியாக இருந்தால்தான். அடியை மீட்டராக நினைத்து 16, 11, 10 என்று தட்டிவிட்டால் அறை 3.28 மடங்கு பெரிதாகி, அதே விளக்கின் வெளிச்சம் சுவரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

`View Transform` இல் `False Color` வைத்துப் பார்த்தேன். நடுத்தர வெளிச்சம் சாம்பல் நிறமாகவும், இருட்டு நீலமாகவும், அதிக வெளிச்சம் மஞ்சள், சிவப்பாகவும் தெரியும். மேல் தலையணை நான்கும் மஞ்சள். கீழ்த் தலையணை நான்கும் கருநீலம். யோசித்தால் அப்படித்தானே ஆகும், மேல் கட்டில் பலகை குடைபோலக் கீழ் ஆளை மறைக்கிறது. பழைய ஹாஸ்டலில் கீழ்க் கட்டில்காரர்கள் ஆளுக்கொரு கிளிப் லைட் மாட்டியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சரி, கூரையில் நடைபாதைக்கு மேலே வைத்தால்? கீழே வெளிச்சம் போயிற்று. ஆனால் தரையில் மூன்று பட்டையாக விசிறி இறக்கையின் நிழல் விழுந்தது. படத்தில் அது நிற்கிறது. ஓடுகிற விசிறியில் அது நாள் முழுக்கக் கண்ணில் சிமிட்டும். விசிறி இறக்கை தரையிலிருந்து எட்டரை அடி, விளக்கு அதற்கு மேலே போகவே கூடாது.

மூன்றாவதாக, குறுக்குச் சுவர்களில் வைத்தேன். கதவுக்கும் ஜன்னலுக்கும் லிண்டல் 7 அடி. அதற்கு மேல் 8 அடியில் கதவுக்கு மேலே ஒன்று, ஜன்னலுக்கு மேலே ஒன்று. இறக்கைக்குக் கீழே இருப்பதால் நிழல் சிமிட்டல் இல்லை. நடைபாதை நெடுகப் போகும் ஒளி பக்கவாட்டில் திரும்பி மேல் கட்டில் பலகைக்குக் கீழேயும் நுழைகிறது. `False Color` இல் எட்டுத் தலையணையும் சாம்பலும் அதற்கு அடுத்த நிறமுமாக வந்தன. கட்டிலுக்கு அடியில் நிழல் மட்டும் இருந்தது, அது இருக்க வேண்டிய நிழல். இரண்டு ரெண்டரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டைத் துணியால் துடைத்துவிட்டுக் குறுக்குச் சுவரில் புதிதாகப் போட்டார்.

ஒழுங்கு என்று கேட்டது சுலபமாக முடிந்தது. கட்டிலை Alt+D கொடுத்து நகலெடுத்தால் நான்கும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்றில் திருத்தினால் எல்லாவற்றிலும் திருந்தும். ஆனால் பெட்ஷீட்டும் தலையணையும் எட்டும் ஒரே மாதிரி இருந்தால் கடை ஷோரூம்போல ஆகிவிடுகிறது. பெட்ஷீட்டில் மூன்று வகை மடிப்பு செய்து மாற்றி மாற்றி வைத்தேன், தலையணையை இரண்டு மூன்று டிகிரி திருப்பினேன். அதற்குமேல் கலைக்கவில்லை.

லாக்கரில் மட்டும் ஒரு தொல்லை. ஒவ்வொரு கதவிலும் காற்றுக்காகக் கீற்றுக் கீற்றாக வெட்டி வெளியே மடித்திருப்பார்கள், மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன். ஒரு புள்ளிக்கு எத்தனை ஒளிக்கதிர் என்று சொல்லும் `Samples` எண்ணைக் குறைவாக வைத்து, படத்தின் புள்ளிப் புள்ளியைத் துடைக்கும் `Denoise` போட்டபோது அந்தக் கீற்றுகளை அது அழுக்கு என்று நினைத்துத் தடவிவிட்டது. கதவு பளபளவென்று மொழுக்கையாக வந்தது, பார்ப்பவர்கள் பிளைவுட்டா என்று கேட்டார்கள். `Samples` எண்ணிக்கையைக் கூட்டியதும் கீற்று திரும்பி வந்தது. `Denoise` செய்ததையும் செய்யாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சின்னக் கோடுகள் உள்ள இடத்தை மட்டும் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

புதுப் படங்களை உரிமையாளரிடம் காட்டியபோது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அறை சின்னதாகிவிட்டது என்றார். அக்கா வாங்கிப் பார்த்தார். “இதுதானுங்க அறை. பெட்ஷீட் தெரியல பாருங்க” என்றார்.

அறை முடிந்த பிறகு வாசலில் அதே இடத்தில் நின்று போனில் ஒரு போட்டோ எடுத்து ரெண்டரோடு ஒப்பிட்டேன். கட்டில், லாக்கர், டைல்ஸ் கோடு எல்லாம் பொருந்தின. கீழ்க் கட்டில் ஒன்றில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன், படிக்க முடிந்தது. ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. மேல் கட்டிலில் படுப்பவர் கால் நீட்டும் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் குறுக்குச் சுவர் ட்யூப் நேராகக் கண்ணில் அடிக்கிறது. கண்ணுக்கும் அதற்கும் உயரத்தில் இரண்டரை அடிகூட வித்தியாசம் இல்லை. கேமராவை வாசலில் வைத்தேன், ஜன்னலில் வைத்தேன், மேல் தலையணையில் ஒரு முறைகூட வைத்துப் பார்க்கவில்லை. அந்த வாரமே பட்டறையில் 4 அங்குலத் தகடு வளைத்து, ட்யூப்பின் முன்பக்கம் மறையும்படி இரண்டு சுவரிலும் அடித்தார்கள். கோப்பில் இப்போது எட்டுத் தலையணையிலும் எட்டுக் கேமரா இருக்கிறது.